ஒரு கிண்ணம் பருப்பில் எவ்வளவு கலோரி, எவ்வளவு புரதம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாப்பாட்டுக் கணக்கு எழுத ஆரம்பிக்கிறவர்கள் இட்லி, முட்டையையெல்லாம் எளிதாகத் தாண்டிவிடுகிறார்கள். பருப்பில் வந்து நிற்கிறார்கள். என்னிடம் திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். துவரம்பருப்பு, பாசிப்பருப்பு இரண்டுக்கு மட்டும்.

பாக்கெட்டில் 100 கிராமுக்கு 22 கிராம் புரதம் என்று போட்டிருக்கிறது. மதியம் 100 கிராம் பருப்பு சாப்பிட்டேன், 22 என்று எழுதிக்கலாமா?

கூடாது. பாக்கெட்டில் இருப்பது காய்ந்த பருப்பின் கணக்கு. உங்கள் தட்டில் விழுந்தது வெந்த பருப்பு, அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். கெட்டியாகக் கடைந்த பருப்பாக இருந்தால் அந்த 100 கிராமில் புரதம் 6 அல்லது 7 கிராம் இருக்கும். நீர்க்க இருந்தால் அதிலும் பாதிதான்.

தண்ணீருக்குக் கலோரியும் கிடையாது, புரதமும் கிடையாது. எனவே குக்கரில் போட்ட காய்ந்த பருப்பில் என்ன இருந்ததோ, இறக்கும்போது பாத்திரத்திலும் அவ்வளவுதான் இருக்கும். அது எவ்வளவு எடைக்குப் பரவியிருக்கிறது என்பதுதான் மாறுகிறது.

சரி, அப்போ எப்படித்தான் கணக்குப் போடுவது?

மூன்று எடைகள் வேண்டும்: சமைக்கும் முன் காய்ந்த பருப்பின் எடை, சமைத்து முடித்தபின் மொத்தப் பருப்பின் எடை, உங்கள் கிண்ணத்தில் விழுந்த பருப்பின் எடை. காய்ந்த எடையை வெந்த எடையால் வகுத்து, கிண்ணத்து எடையால் பெருக்குங்கள். உங்கள் கிண்ணத்தில் எத்தனை கிராம் காய்ந்த பருப்பு இருக்கிறது என்பது தெரிந்துவிடும். அதற்கு அப்புறம் பாக்கெட் எண்ணையே பயன்படுத்தலாம்.

சமைத்தபின் எடை பார்ப்பதில் ஒரு சின்ன வேலை இருக்கிறது. பருப்பு வேகவைக்கும் பாத்திரத்தை, மூடி இல்லாமல், காலியாக இருக்கும்போதே எடை போட்டு ஒரு ஓரத்தில் குறித்து வையுங்கள். பருப்பு வெந்ததும் பாத்திரத்தோடு தராசில் வைத்துக் காலி எடையைக் கழித்தால் போதும். சூடான பாத்திரத்தின் அடியில் மடித்த துணி போடுவீர்கள் என்றால், முதலில் துணியை வைத்துத் தராசைப் பூஜ்ஜியமாக்கிக்கொள்ளுங்கள்.

ஒரு உதாரணத்தோடு சொன்னால் நல்லா இருக்கும்.

துவரம்பருப்பு 120 கிராம் எடுத்துக்கொள்வோம். 100 கிராமுக்கு 335 கலோரி, 22 கிராம் புரதம் என்று வைத்தால் மொத்தத்தில் 402 கலோரி, 26.4 கிராம் புரதம். மூன்று மடங்கு தண்ணீர் விட்டு, மஞ்சள்தூள், உப்பு போட்டு வேகவைத்துக் கடைந்தாயிற்று. பாத்திரத்தோடு 1,090 கிராம், காலிப் பாத்திரம் 640 கிராம். ஆக, வெந்த பருப்பு 450 கிராம். போட்டது 120 கிராம் பருப்பும் 360 கிராம் தண்ணீரும், கூட்டினால் 480 வரவேண்டும். குறைந்த 30 கிராம் விசிலோடு ஆவியாகப் போனது.

இதில் 150 கிராம் உங்கள் கிண்ணத்துக்கு வந்தால் அது மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு. காய்ந்த பருப்புக் கணக்கில் 40 கிராம், அதாவது 134 கலோரி, 8.8 கிராம் புரதம்.

பாசிப்பருப்பில் பெரிய வித்தியாசம் வராது. 100 கிராம் போட்டு 420 கிராமாக இறக்கினால் 150 கிராம் கிண்ணத்தில் கிட்டத்தட்ட 36 கிராம் காய்ந்த பருப்பு இருக்கும். 100 கிராமுக்கு 345 கலோரி, 24 கிராம் புரதம் என்று கணக்கிட்டால் சுமார் 123 கலோரியும் 8.6 கிராம் புரதமும் வரும். எந்தப் பருப்பு என்பதைவிட எவ்வளவு தண்ணீர் என்பதுதான் கிண்ணத்தின் கணக்கைத் தீர்மானிக்கிறது.

ஒரு இடத்தில் 331 என்கிறார்கள், இன்னொரு இடத்தில் 343, நீங்கள் 335 என்கிறீர்கள். எது சரி?

எல்லாமே சரிதான். பருப்பு இயற்கையாக விளைவது. ரகம், மண், ஈரப்பதம் என்று ஒவ்வொன்றாலும் சற்று மாறும். துவரம்பருப்புக்குப் புரதம் 21.7 என்று எடுத்தாலும் 22.3 என்று எடுத்தாலும் 40 கிராம் பருப்பில் கால் கிராம்தான் வித்தியாசம். அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கையில் இருக்கும் பாக்கெட்டில் என்ன அச்சிட்டிருக்கிறதோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு இடங்களில் மட்டும் உஷாராக இருங்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணையில் ஆற்றல் கிலோஜூலில் இருக்கும். துவரம்பருப்புக்கு 1,384 என்று பார்த்துப் பதற வேண்டாம், 4.184-ஆல் வகுத்தால் 331 கலோரி. இன்னொன்று தோலோடு இருக்கும் முழுப் பச்சைப்பயறு. அதே நிறுவனத்தின் பழைய அட்டவணையில் அதற்கு 334 கலோரி, புதியதில் 300-க்கும் கீழே. பயறு மாறிவிடவில்லை. நார்ச்சத்தை மாவுச்சத்திலிருந்து தனியே பிரித்துக் கணக்கிட்டதால் எண் இறங்கியது. தோல் நீக்கிய பருப்பில் நார் குறைவு என்பதால் அங்கே இடைவெளியும் குறைவு.

கழுவி ஊறவைத்த பிறகு எடை போட்டால் ஆகாதா?

ஆகாது. கழுவிய பருப்பில் ஒட்டியிருக்கும் ஈரமும் எடையில் சேரும். ஊறிய பருப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு எடைக்கு வந்திருக்கும். அதைக் காய்ந்த எடையாக எழுதினால் புரதம் காகிதத்தில் இரட்டிப்பாகிவிடும். டப்பாவிலிருந்து எடுத்த கையோடு, தண்ணீர் படும் முன் எடை போடுங்கள்.

எங்கள் வீட்டுக் கிண்ணம் எவ்வளவு பிடிக்கும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? செயலியில் 'ஒரு கடோரி' என்று மட்டும்தான் இருக்கிறது.

கடோரி என்றால் நம் கிண்ணம்தான், ஆனால் அதற்கு எல்லா வீட்டிலும் ஒரே அளவு கிடையாது. பொதுவாக 150 மில்லி என்று வைத்துக்கொள்கிறார்கள். ஒரே அலமாரியில் 100 மில்லிக் கிண்ணமும் 200 மில்லிக் கிண்ணமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இதைக் கவனிக்காவிட்டால் எவ்வளவு நுணுக்கமாக எடை போட்டும் பயனில்லை.

காலிக் கிண்ணத்தைத் தராசில் வைத்துப் பூஜ்ஜியமாக்கி, நீங்கள் வழக்கமாகப் பருப்பு ஊற்றும் மட்டம் வரை தண்ணீர் ஊற்றுங்கள். காட்டும் கிராம்தான் மில்லி. விளிம்பு வரை ஊற்றிப் பார்க்காதீர்கள், அப்படி யாரும் பருப்பு ஊற்றிக்கொள்வதில்லை. வெந்த பருப்பு தண்ணீரைவிடச் சற்றுக் கனமானது, ஆனால் வீட்டுக் கணக்குக்கு 150 மில்லியை 150 கிராம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

தராசே இல்லை. வாங்கியே ஆகணுமா?

வேண்டாம். 500 கிராம் பாக்கெட் ஒன்றைப் பிரிக்கும்போது டப்பாவில் நேராகக் கொட்டாமல், உங்கள் டம்ளரால் தலைதட்டி அளந்து கொட்டுங்கள். சரியாக மூன்று டம்ளர் வந்தால் ஒரு டம்ளர் பருப்பு 167 கிராம். மூன்றரை வந்தால் 143 கிராம். துவரைக்கும் பாசிக்கும் தனித்தனியாக ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், பருப்பின் வடிவம் வேறு என்பதால் டம்ளரில் அடங்குவதும் வேறாக இருக்கும்.

வெந்த பருப்பையும் எடை போட வேண்டியதில்லை. கலக்கிவிட்டு, மொத்தத்தையும் நீங்கள் சாப்பிடும் கிண்ணத்தாலேயே வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். எத்தனை கிண்ணம் வந்ததோ அத்தனையால் மொத்தக் கலோரியையும் புரதத்தையும் வகுத்தால் விடை. 120 கிராம் போட்டு மூன்று கிண்ணம் வந்தால், மேலே பார்த்த அதே 134 கலோரிதான். சொல்லப்போனால் கிண்ணத்தின் மில்லி அளவுகூட இதில் தேவைப்படவில்லை.

நாங்கள் பருப்பை நீர்க்கத்தான் வைப்போம். சாம்பாருக்கும் இதே கணக்கா?

கணக்கு அதே, விடைதான் சுருங்கிவிடும். அதே 120 கிராம் துவரம்பருப்பில் தண்ணீர் சேர்த்து 900 கிராமாக்கினால் 150 கிராம் கிண்ணத்தில் காய்ந்த பருப்பு 20 கிராம்தான், அதாவது 67 கலோரி, 4.4 கிராம் புரதம். அதையே காய், புளித்தண்ணீரெல்லாம் சேர்த்து 1,200 கிராம் சாம்பாராக்கினால் கிண்ணத்துக்கு 15 கிராம். பருப்பிலிருந்து வரும் புரதம் 3.3 கிராம். காயும் எண்ணெயும் கலோரியில் தனியே சேரும்.

55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஒரு நாளைக்குப் பரிந்துரைக்கப்படும் புரதம் சுமார் 46 கிராம். தினமும் சாம்பார் சாப்பிடுகிறேன், புரதம் கிடைத்துவிடும் என்பவர்களிடம் இந்த 3.3-ஐத்தான் காட்டுகிறேன்.

நெய்யில் தாளித்ததை எங்கே சேர்ப்பது?

மொத்தப் பாத்திரத்தில். 10 கிராம் நெய், அதாவது இரண்டு தேக்கரண்டி, சுமார் 90 கலோரி. முந்தைய உதாரணத்தில் 402 கலோரி 492 ஆகும், எடை 450-லிருந்து 460 ஆகும். இப்போது 150 கிராம் கிண்ணத்தில் 160 கலோரி, 8.6 கிராம் புரதம். எடையில் கண்ணுக்கே தெரியாத நெய் கலோரியை 26 கூட்டிவிட்டது. கிண்ணத்தின் மேல் தனியாக ஊற்றிக்கொள்ளும் நெய்யைப் பங்கு போடாதீர்கள், அது முழுக்க உங்களுடையது.

தக்காளி, பச்சைமிளகாய், கறிவேப்பிலைக்கெல்லாம் தனியாகக் கணக்குப் பார்க்க வேண்டாம். இறுதி எடையில் அவை தானாகச் சேர்ந்துவிடும், அது போதும்.

செயலியில் தேடினால் 'ஒரு கிண்ணம் பருப்பு' 90 கலோரி முதல் 220 வரை காட்டுகிறது. எதை நம்புவது?

ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் வீட்டுக் குக்கர். ஒருவர் கெட்டியாக வைத்தார், ஒருவர் நெய்யைக் கவிழ்த்தார், ஒருவருடைய கிண்ணம் பெரிது. உங்கள் பாத்திரத்துக்கு அவை பொருந்த வேண்டிய அவசியம் இல்லை. காய்ந்த பருப்பைப் பொருளாகக் கொடுத்து, உங்கள் சமையல் குறிப்பாகவே சேமித்துக்கொள்வது நல்லது.

ஆனாலும் ஒரு பதிவு நம்பத்தக்கதா என்று நொடியில் பார்க்க வழி உண்டு. கலோரியைப் புரதத்தால் வகுத்துப் பாருங்கள். வெறும் துவரம்பருப்புக்கு 335 வகுத்தல் 22, அதாவது ஒரு கிராம் புரதத்துக்குச் சுமார் 15 கலோரி. பாசிப்பருப்புக்கு 14-ஐ ஒட்டி வரும். எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் இந்த விகிதம் அசையாது, ஏனென்றால் தண்ணீர் இரண்டையும் ஒரே அளவில்தான் நீர்க்கச் செய்கிறது. விகிதம் 18, 19 என்று வந்தால் தாளிப்பு சேர்ந்திருக்கிறது. 200 கலோரி, 6 கிராம் புரதம் என்று இருந்தால் 33 வருகிறது. அதில் எண்ணெயோ தேங்காயோ தாராளமாக இருக்கிறது. 100 கலோரிக்கு 12 கிராம் புரதம் என்று ஒரு பதிவு சொன்னால் விகிதம் 8 ஆகிறது. அப்படிப்பட்ட பருப்பே கிடையாது, அந்தப் பதிவைத் தொடாதீர்கள்.

'வேகவைத்த பருப்பு 100 கிராம்' என்று நேராகவே அட்டவணை இருக்கிறதே, அதைப் போட்டால் என்ன?

போடலாம், உங்கள் பருப்பும் அதே பதத்தில் இருந்தால். அமெரிக்க வேளாண் துறை அட்டவணையில் வேகவைத்த துவரைக்கு 100 கிராமில் 121 கலோரி, 6.76 கிராம் புரதம். காய்ந்ததில் 21.7. அதாவது மூன்று மடங்குக்குச் சற்றுக் கூடுதலாக நீர் ஏறிய, கெட்டியான முழுத்துவரை அது. மேலே நாம் பார்த்த பருப்பு 3.75 மடங்கு, சாம்பார் 10 மடங்கு. அந்த 121-ஐச் சாம்பாருக்குப் போட்டால் பருப்பின் கலோரிக் கணக்கு மூன்றரை மடங்குக்கு மேல் போய்விடும்.

இதையே உங்கள் எடையைச் சரிபார்க்கவும் பயன்படுத்தலாம். கடைந்த பருப்பு பெரும்பாலும் காய்ந்த எடையைப்போல இரண்டரை முதல் நான்கு மடங்குக்குள் நிற்கும். ஒன்றரை மடங்கு என்று வந்தால் காலிப் பாத்திர எடையைத் தப்பாகக் கழித்திருக்கிறீர்கள் அல்லது ஊறிய பருப்பை எடை போட்டிருக்கிறீர்கள்.

பாசிப்பருப்புக் கூட்டு செய்தேன். காய், தேங்காய் எல்லாம் இருக்கிறது. இதற்கு எப்படி?

தேங்காயைத் தப்பவிடாதீர்கள், மற்றது எளிது. பாசிப்பருப்பு 75 கிராம், சுரைக்காய் 400 கிராம், தேங்காய்த் துருவல் 50 கிராம், எண்ணெய் ஒரு தேக்கரண்டி என்று வைத்துக்கொள்வோம். பருப்பில் 259 கலோரி. தேங்காயில் சுமார் 175. எண்ணெயில் 45. சுரைக்காய் பெரும்பாலும் தண்ணீர், 60 போதும். மொத்தம் 539 கலோரி. புரதம் பருப்பில் 18, மற்றவற்றிலிருந்து ஒரு 4, ஆக 22 கிராம். கூட்டு 900 கிராம் வந்தால் 150 கிராம் கிண்ணத்தில் 90 கலோரி, 3.7 கிராம் புரதம்.

முன்பு சொன்ன விகிதத்தைப் போட்டுப் பாருங்கள், 24.5 வருகிறது. பருப்பைவிட 25 கிராம் குறைவாகப் போட்ட தேங்காய், பருப்பின் கலோரியில் மூன்றில் இரண்டு பங்கைக் கொண்டுவந்துவிட்டது.

ரசத்துக்கு மேலே தெளிந்த பருப்புத் தண்ணீரை எடுத்துவிடுவேன். அதில் புரதம் போய்விடுமா?

கொஞ்சம் போகும். கடையாத பருப்பு அடியில் தங்கும், தெளிவில் கரைந்தது மட்டும் வரும். எனவே தெளிவை எடுத்தபின் மீதியை எடை போட்டு, 120 கிராம் பருப்பும் அதில்தான் இருக்கிறது என்று கணக்கிட்டுவிடுங்கள், ரசத்துக்குப் பருப்புக் கணக்கு வேண்டாம். பருப்புக்குச் சற்றுக் கூடுதலாகவும் ரசத்துக்குச் சற்றுக் குறைவாகவும் எழுதியிருப்பீர்கள். இரண்டையும் சாப்பிடுகிறவருக்கு அது ஏறக்குறைய சரிக்குச் சரி ஆகிவிடும். கடைந்து கலக்கியபின் எடுத்தால் விஷயம் வேறு. 450-இல் 100 கிராம் எடுத்தால் 120-இல் கிட்டத்தட்ட 27 கிராம் பருப்பு ரசத்துக்குப் போயிற்று.

இதே காரணத்தால்தான் பரிமாறும் முன் அடிவரை கலக்க வேண்டும். முதலில் மேலாக ஊற்றிக்கொண்டவருக்கும் கடைசியில் வழித்துக்கொண்டவருக்கும் ஒரே அளவுக் கிண்ணமாக இருந்தாலும் ஒரே புரதம் இருக்காது.

ஆறு விசில் விட்டால் புரதம் அழிந்துவிடும் என்கிறார்களே?

இல்லை. வெப்பத்தில் புரதத்தின் அமைப்பு குலையும், அளவு குறையாது. வேகாத பருப்பில் செரிமானத்தைத் தடுக்கும் சில பொருள்கள் உண்டு, அவை வேகும்போதுதான் செயலிழக்கின்றன. வெந்த தண்ணீரைக் கீழே கொட்டினால்தான் அதோடு கொஞ்சம் இழப்பு.

ராத்திரி மீந்த பருப்பு காலையில் இறுகிவிட்டது. தண்ணீர் விட்டுச் சூடாக்கினேன். இப்போ என் கிண்ணத்துக்கு எவ்வளவு?

மீந்தது மொத்தத்தில் எத்தனை பங்கு என்பதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். 450 கிராமில் ஒரு கிண்ணம் 150 கிராம் மீந்தது என்றால் அதில் 40 கிராம் காய்ந்த பருப்பு இருக்கிறது. காலையில் 70 கிராம் தண்ணீர் சேர்த்து 220 ஆனாலும் முழுவதையும் சாப்பிட்டால் அதே 134 கலோரிதான். பாதி சாப்பிட்டால் 67. மீந்ததன் எடையை ராத்திரியே குறிக்காவிட்டால் எத்தனை கிண்ணம் தீர்ந்தது என்று யோசித்துக்கூடப் பங்கைக் கண்டுபிடித்துவிடலாம்.

நான் சமைப்பதில்லை. அம்மா கண்ணளவில் போடுகிறார்கள், எடை போடச் சொன்னால் திட்டுகிறார்கள். எனக்கு வழி இருக்கா?

இருக்கிறது. அம்மாவின் கண்ணளவு நீங்கள் நினைப்பதைவிட நிலையானது. பெரும்பாலும் ஒரே டம்ளர், ஒரே அளவுதான் போவார்கள். அந்த டம்ளர் எத்தனை கிராம் பிடிக்கும் என்பதை, தராசில்லாமல் அளப்பதற்குச் சொன்ன பாக்கெட் வழியில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். அதற்காக அடுப்படியில் அவருக்குக் குறுக்கே நிற்க வேண்டியதில்லை.

அப்புறம் வீட்டில் யார் எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று கவனியுங்கள். ஒரு டம்ளர், அதாவது 167 கிராம் துவரம்பருப்பு நான்கு பேருக்குத் தீர்ந்து, எல்லோரும் ஏறக்குறைய சமமாக ஊற்றிக்கொண்டால், உங்கள் பங்கு 42 கிராம் காய்ந்த பருப்பு. 140 கலோரி, 9 கிராம் புரதம், தாளிப்பு தனி. அப்பா இரண்டு முறை ஊற்றிக்கொள்கிறவர் என்றால் ஐந்து பங்காகப் போட்டு உங்களுக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், 33 கிராம். கிண்ணம் எடை போடாததால் கொஞ்சம் முன்பின் இருக்கும், ஆனால் செயலியில் கண்ட 'ஒரு கடோரி'யைவிட இது உங்கள் வீட்டுப் பருப்புக்கு நெருக்கமானது.